ஜமாஅத்தாரைக் கேட்பது எப்படி?

நம் பள்ளிவாசல்களின் உட்சுவரில் ஆறு கடிகார முகங்கள் வரைந்த பலகை ஒன்று தொங்கும். ஐந்து வக்துகளுக்கு ஐந்தும், ஜும்ஆவுக்கு ஒன்றுமாக ஆறு. அவற்றின் முள்ளை நகர்த்துவது மோதினாரின் வேலை. ஆனால் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலான ஊர்களில் நிர்வாகிகள் நால்வர் இஷாவுக்குப் பின் உட்கார்ந்து பேசுவார்கள்; மறுநாள் முள் நகர்ந்திருக்கும். அப்படியல்லாமல் ஜமாஅத்தார் அனைவரையும் கேட்டுச் செய்வோம் என்று அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட சீமையில் ஒரு மஹல்லாவின் இளைஞர்கள் எண்ணினார்கள். பதினான்கு கேள்விகள் எழுதி, பார்வையிட்டுத் தருமாறு நம்மிடம் கொடுத்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாம் சில நாள் அந்த ஊரில் வீடு வீடாகச் சென்றோம். அங்கே கண்டவற்றைப் பிற ஊர்களுக்கும் பயன்படும் என்றெண்ணி எழுதுகிறோம்.

முதலில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளின் மூன்றாம் கேள்வி, மஃரிப் தொழுகையை எத்தனை மணிக்கு வைக்கலாம் என்பது. இதைக் கேட்பதற்கே இடமில்லை. வக்து கதிரவனின் ஓட்டத்தால் அமைவது. இந்தச் சீமையில் நவம்பர் நடுவில் பொழுது 5:53 அளவில் சாய்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6:42 அளவில் சாய்கிறது. ஆண்டுக்குள் ஏறத்தாழ ஐம்பது நிமிட வேறுபாடு. அதை வாக்கெடுத்து மாற்ற முடியாது. பாங்கு சொன்னதும் மஃரிப் நடந்தாக வேண்டும். லுஹர் அப்படியன்று. இங்கே உச்சிப்பொழுது நவம்பர் தொடக்கத்தில் 12:01க்கும், பிப்ரவரி நடுவில் 12:32க்கும் வருகிறது. அதற்குப் பின் அஸர் வரையில் நீண்ட இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள் ஜமாஅத்தை 1:00க்கு நிறுத்துவதா, 1:30க்கு நிறுத்துவதா என்பதே மக்களைக் கேட்டுச் செய்யத்தக்கது. சுருங்கச் சொன்னால், வக்தின் எல்லை கேள்விக்கு அப்பாற்பட்டது; பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையிலுள்ள நேரமே கேள்விக்கு உட்பட்டது.

அஸரில் ஒரு நுட்பம் இருக்கிறது. இராமநாதபுரத்துக் கடற்கரையோரம் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். பொருளின் நிழல், உச்சிப்பொழுது நிழல் நீங்கலாக, அதன் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குவதாக ஷாஃபிஈ மத்ஹபில் கொள்கிறார்கள். இரு மடங்காகும்போது என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கூற்று; அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் ஆகிய இருவரும் ஒரு மடங்கு என்றே கூறினார்கள். மார்ச் 21 அளவில் இந்தச் சீமையில் முதல் கணக்குப்படி அஸர் ஏறத்தாழ 3:40க்கும், இரண்டாம் கணக்குப்படி 4:45 அளவிலும் வருகிறது. ஆகவே ஹனஃபிப் பள்ளியொன்றில் "4:15க்கு அஸர் ஜமாஅத் வசதியா?" என்று தாளில் அச்சிட்டால், வசதியைப் பற்றிய கேள்வி மத்ஹபைப் பற்றிய சச்சரவாகிவிடும். தாளை அச்சிடுமுன் ஊர் ஆலிமிடம் காட்டி, ஒவ்வொரு வக்துக்கும் எந்த நேரத்துக்குள் கேட்கலாம் என்று எல்லை போட்டு வாங்கிக்கொள்வது இதனாலேயே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஷாவுக்கு மக்கள் கூடிவிட்டதைக் கண்டால் விரைந்து தொழுவிப்பார்கள் என்றும், தாமதமானால் தாமும் தாமதிப்பார்கள் என்றும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. மக்களைப் பார்த்து நேரத்தை அமைப்பதற்கு இதைவிட வேறு முன்மாதிரி வேண்டுவதில்லை. வக்தின் எல்லைக்குள் நின்றே அது செய்யப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கேள்வியின் நடுநிலைமை. தாளின் முதற்கேள்வி இப்படி இருந்தது: "வேலைக்குச் செல்வோர் சிரமப்படாதிருக்க லுஹர் ஜமாஅத்தை 1:30க்கு மாற்றுவது நல்லதல்லவா?" இதற்கு இல்லை என்று சொல்ல எந்தப் பெரியவருக்கு மனம் வரும்? கேள்வியிலேயே விடை ஒளிந்திருக்கிறது. "மாற்றுவது" என்னும்போது இப்போதைய நேரத்தை விரும்புபவர் தம்மைப் பிடிவாதக்காரராக உணர்கிறார். "நல்லதல்லவா" என்னும்போது மறுப்பவர் பொல்லாதவராகிறார். நாம் அதை எடுத்துக்கொண்டு சென்ற முதல் வீட்டிலேயே எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், முழுவதும் கேட்குமுன்பே, "ஜமாஅத்துல எது செஞ்சாலும் சரிதான் தம்பி, எழுதிக்கங்க" என்றார். அன்று இன்னும் நான்கு வீடுகளிலும் இதே விடை கிடைத்தது. அது விடையன்று, மரியாதை. முதியோரிடம் "சரியா, இல்லையா" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மரியாதையே.

ஒரே கருத்தைச் சொல் மாற்றிக் கேட்டால் விடை எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவில் 1940இல் செய்த சோதனையொன்று பெயர் பெற்றது. டொனால்ட் ரக் என்பவர் 1941இல் அதை வெளியிட்டார். மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளை அரசு அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு சாராரிடமும், தடைசெய்ய வேண்டுமா என்று மற்றொரு சாராரிடமும் கேட்டார்கள். அனுமதிக்கலாகாது என்றவர்கள் நூற்றுக்கு 62 பேர். தடைசெய்ய வேண்டும் என்றவர்களோ 46 பேர்தாம். இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் "தடை" என்ற சொல்லின் கடுமை பலரைத் தயங்க வைத்தது. நம் தாளிலும் "மாற்ற வேண்டுமா" என்பதற்கும் "இப்படியே இருக்கட்டுமா" என்பதற்கும் வேறு வேறு தொகை வரும். இரண்டில் எது உண்மை என்று பிறகு எவராலும் சொல்ல இயலாது. ஆகவே மாற்றம் என்ற பேச்சே இல்லாமல் கேட்டோம்: "லுஹர் ஜமாஅத் கீழ்க்கண்டவற்றுள் எந்தெந்த நேரத்தில் நடந்தால் தங்களால் வர இயலும்? 1:00, 1:15, 1:30. எத்தனைக்கு வேண்டுமானாலும் குறியிடலாம்." இப்போதைய நேரம் எது என்று தாளில் எழுதவில்லை.

"எது வேண்டும்" என்னாமல் "எந்தெந்த நேரத்தில் வர இயலும்" என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. கற்பனையாக அறுபது பேர் விடையளித்தார்கள் என்று கொள்வோம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1:00க்கு 22 பேர், 1:15க்கு 17 பேர், 1:30க்கு 21 பேர் குறியிடுகிறார்கள் என்று வையுங்கள். 1:00 வென்றது என்று முள்ளை நகர்த்தினால், அறுபதில் 38 பேர் அதைத் தேர்ந்தவர்கள் அல்லர். அதே அறுபது பேரிடம் வர இயலும் நேரங்களை எல்லாம் குறிக்கச் சொன்னால் 1:00க்கு 30, 1:15க்கு 52, 1:30க்கு 38 என்று வரக்கூடும். யாருடைய முதல் விருப்பமாகவும் அதிகம் இராத 1:15தான் அதிகம் பேர் ஸஃப்பில் நிற்கக்கூடிய நேரம். முதற்கணக்கு ஊரை மூன்றாகப் பிரிக்கிறது. இரண்டாம் கணக்கு அதே ஊரை ஒரு ஸஃப்பில் சேர்க்கிறது.

ஒரு கேள்வியில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். "பள்ளியின் சுத்தமும் உளூச் செய்யும் வசதியும் திருப்தியாக உள்ளனவா?" என்பது தாளின் ஆறாம் கேள்வி. பாய்கள் சுத்தம், குழாயடி வழுக்கல் என்று எண்ணுகிற முதியவர் என்ன விடை சொல்வார்? நடுவாக ஒன்றைச் சொல்வார். அந்த நடு விடையால் பாய்க்கும் பயனில்லை, குழாயடிக்கும் பயனில்லை. மேலும் "திருப்தியா" என்ற சொல்லே நம்மவரிடம் பயன்படுவதில்லை. அல்லாஹ்வின் வீட்டைக் குறை சொல்வதா என்று, "அல்ஹம்துலில்லாஹ், நல்லாத்தான் இருக்கு" என்றுவிடுவார்கள். மதிப்பைக் கேட்காமல் நடப்பைக் கேட்டால் உண்மை வெளிப்படும். "உளூச் செய்யும் இடத்தில் தாங்கள் உட்கார்ந்து எழ முடிகிறதா? தானே முடிகிறது, பிடித்துக்கொண்டு முடிகிறது, முடியவில்லை." இதில் பள்ளியைக் குறை சொல்ல வேண்டியதில்லை, தம் முழங்காலைப் பற்றிச் சொன்னால் போதும்.

தண்ணீரைப் பற்றிய கேள்வி இந்த வறண்ட சீமையில் தனிக்கவனம் பெற வேண்டியது. கண்மாய் வற்றிக் கிணறு உவர்த்துப்போகும் கோடையில், லாரித் தண்ணீரை நம்பித் தொட்டி நிரப்பும் ஊர்கள் உண்டு. "ஹவுளை எடுத்துவிட்டுக் குழாய் வைக்கலாமா?" என்று இளைஞர்கள் எழுதியிருந்தார்கள். ஹவுள் என்பது வெறும் தொட்டியன்று. பாட்டனார் காலத்திலிருந்து ஊர் கூடி உட்கார்ந்த இடம். எடுப்பது என்ற சொல்லுக்கே பெரியவர்கள் முகம் சுருங்கிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், உளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்தால் அதைப்போல் பல மடங்கு ஓடிவிடும். ஆகவே குழாயா ஹவுளா என்பது சிக்கனத்தின் கேள்வி என்று ஒருவரும், பழமையின் கேள்வி என்று மற்றொருவரும் வாதிட இடமுண்டு. தாளில் அந்த வாதத்தை நுழைக்கலாகாது. "உளூவுக்குத் தாங்கள் இப்போது எதைப் பயன்படுத்துகிறீர்கள்? ஹவுள்; குழாய்; வீட்டிலேயே செய்துவிட்டு வருகிறேன்." இதைக் கேட்டபோது, வீட்டிலேயே செய்துவிட்டு வருவதாகப் பெரியவர்கள் பலர் சொன்னார்கள். ஏன் என்று விசாரித்தபோது ஹவுள் கரை தாழ்வென்பதும், குழாயடித் தளம் பாசி பிடித்ததென்பதும் தெரிந்தன. எடுப்பதா வைப்பதா என்று கேட்டிருந்தால் இது வெளிவந்திராது.

தொழுகைக்கு எத்தனை முறை வருகிறீர்கள் என்ற கேள்வியை அடித்துவிடச் சொன்னோம். அதற்கு உண்மையான விடை கிடைப்பது அரிது. கேட்பதும் மனத்தைப் புண்படுத்தும். இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து அஷ்டபியூலா வட்டாரத்தில் கிறித்தவர்களிடையே மூன்று ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. வாரந்தோறும் கோயிலுக்குப் போவதாகச் சொன்ன புரோட்டஸ்டண்ட் மக்கள் நூற்றுக்கு 36 பேர் அளவு. கோயில்களில் வந்தவர்களை எண்ணிக் கணக்கிட்டால் 20 பேர் அளவே. பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. நல்லவர் செய்ய வேண்டியதைத் தாமும் செய்வதாக மனிதன் நினைத்துக்கொள்கிறான். வருகையை அறிய வேண்டுமானால் யாரையும் கேட்க வேண்டாம். இரண்டு வாரம், வக்துக்கு வக்து, ஸலாம் கொடுத்தபின் ஸஃப்பில் இருப்பவர்களை எண்ணிக் குறித்தால் போதும். முதல் ரக்அத்தில் சேர்ந்தவர் எத்தனை பேர், பிந்தி வந்து விட்டதைத் தொழுபவர் எத்தனை பேர் என்று பிரித்துக் குறித்தால் இன்னும் நன்று. பிந்தி வருவோர் ஒரு வக்தில் மட்டும் மிகுதியாக இருந்தால், அந்த வக்தின் நேரந்தான் பொருந்தவில்லை என்பது தாளில்லாமலே விளங்கும்.

இனி முதியோருக்கு எளிதாக்குவது. சிறிய எழுத்தும் பதினான்கு கேள்வியும் ஆகா. பெரிய எழுத்தில் ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைக்கு மேற்படாமல் இருந்தால் கால் மணியில் முடியும். குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதும் மூதாட்டிகள் சிலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அவர்களுக்காக நேரத்தை எண்ணால் மட்டும் எழுதாமல் கடிகார முகமாக வரைந்தோம். பள்ளிப் பலகையில் நாள்தோறும் காண்பது அதுதானே! படித்துக் காட்ட வேண்டிய இடத்தில் வேறொரு தொல்லை உண்டு. தாமே படிப்பவர் மேலே உள்ள விடையையும், பிறர் படிக்கக் கேட்பவர் கடைசியாகக் காதில் விழுந்த விடையையும் தேர்ந்தெடுக்கச் சாய்வது இயல்பு. ஆதலால் பாதித் தாள்களில் விடைகளை 1:00 முதலும், மறுபாதியில் 1:30 முதலும் அச்சிடச் சொன்னோம். எண்ணும்போது இரு கட்டுகளும் ஒரே மாதிரி விழுந்தால் விடை நம்பத்தக்கது. பெரிதும் வேறுபட்டால் மக்கள் கேள்வியைக் கருதாமல் வரிசையைப் பின்பற்றினார்கள் என்று பொருள்.

படித்துக் காட்டுபவர் யார் என்பதும் முக்கியம். முத்தவல்லியின் மகன் போனால் முத்தவல்லிக்குப் பிடித்த விடை கிடைக்கும். இமாம் போனால் பயானின் நீளத்தைப் பற்றி எவரும் வாய் திறக்க மாட்டார்கள். நிர்வாகத்தில் இல்லாத இருவர் ஆண்களிடமும், பெண்கள் இருவர் பெண்களிடமும் செல்வது நலம். பெயர் வேண்டாம், 60 வயதுக்கு மேலா, கீழா என்பது மட்டும் போதும். சிறிய ஊரில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே எழுதும் இடமே வைக்காமல் குறியிடும் கட்டம் மட்டும் வைத்து, பூட்டிய உண்டியலில் மடித்துப் போடச் செய்தோம்.

அச்சுக்குப் போகுமுன் ஐந்தாறு முதியவர்களிடம் ஒத்திகை பார்ப்பது தவிர்க்கலாகாத வேலை. விடையைக் கேட்கக்கூடாது, "இந்தக் கேள்வி என்ன கேட்குது, உங்க சொல்லில சொல்லுங்க பெரியத்தா" என்று கேட்க வேண்டும். "வசதிகள்" என்று தாளில் இருந்ததை ஒருவர் பணவசதி என்று எடுத்துக்கொண்டு, சந்தா கேட்க வந்திருக்கிறோம் என்றெண்ணிவிட்டார். அந்தச் சொல்லை நீக்கி, குழாய், கழிப்பிடம், படி, நாற்காலி என்று பொருள்களின் பெயரையே எழுதினோம். முடிவில் நின்ற கேள்விகள் இவை:

1. லுஹர் ஜமாஅத்துக்கு எந்தெந்த நேரத்தில் தங்களால் வர இயலும்? (மூன்று கடிகாரங்கள்)

2. இஷா ஜமாஅத்துக்கு எந்தெந்த நேரத்தில் வர இயலும்? (மூன்று கடிகாரங்கள்)

3. ஸுப்ஹுப் பாங்குக்கும் இகாமத்துக்கும் இடையே வீட்டிலிருந்து வந்துசேர நேரம் போதுகிறதா? போதுகிறது, போதவில்லை, மிகுதியாக இருக்கிறது.

4. உளூவுக்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள்? ஹவுள், குழாய், வீட்டிலேயே.

5. உளூச் செய்யும் இடத்தில் உட்கார்ந்து எழ முடிகிறதா? தானே, பிடித்துக்கொண்டு, முடியவில்லை.

6. பள்ளியின் படிகளில் ஏற முடிகிறதா? தானே, பிடித்துக்கொண்டு, முடியவில்லை.

7. ஜும்ஆ பயான் நீளம் எப்படி? குறைவு, அளவாக இருக்கிறது, அதிகம்.

தாளை ஜும்ஆவுக்குப் பின் பள்ளியில் கொடுத்து வாங்கிவிடலாம் என்பது இளைஞர்களின் எண்ணம். எளிதான வழிதான். ஆனால் ஜும்ஆவுக்கு வந்தவர்கள் என்பவர்கள் வர முடிந்தவர்கள். வர முடியாதவரின் தடையை அறியவே கேள்வி. அவரோ அங்கே இல்லை! தெருக் கோடியில் ஒரு வீடு. அங்கிருந்த பெரியவர் வாலிபத்தில் தறி நெய்தவர், நாற்பது ஆண்டு ஸுப்ஹைத் தவறவிடாதவர் என்று ஊரார் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளாகப் பள்ளிக்கு வரவில்லை. வயதாகிவிட்டது, தளர்ச்சி என்றே அனைவரும் எண்ணியிருந்தார்கள். நாம் ஆறாம் கேள்வியைப் படித்ததும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ரெண்டாம் படியில ஒரு தடவை விழுந்துட்டேன் தம்பி. பிள்ளைக தூக்கி விட்டாக. அதுக்கப்புறம் போகல. இதை யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். மூன்றே படிகள். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை.

இங்கேதான் தாளை எண்ணுபவர்கள் ஒன்றை மறக்கலாகாது. நேரம் எண்ணிக்கையால் முடிவாக வேண்டியது, வசதி அப்படியன்று. லுஹருக்கு 52 பேர் ஒரு நேரத்தில் வர இயலுமானால் அதுவே நேரம். ஆனால் படியேற முடியவில்லை என்று அறுபதில் மூவர் மட்டும் குறியிட்டிருந்தால், ஐம்பத்தேழு பேருக்குத் தேவையில்லை என்று கம்பியை விட்டுவிட முடியாது. அந்த மூவருக்காகத்தான் அந்தக் கேள்வி. இரண்டு வகைக் கேள்விகளையும் ஒரே தாளில் வைத்தாலும், எண்ணிய பின் இரண்டு தனிப் பட்டியலாக்க வேண்டும்.

முடிவுகளைப் பலகையில் ஒட்டும்போது தொகையை மட்டும் ஒட்டாமல், எது செய்யப்படும், எது செய்ய இயலாது, ஏன் இயலாது என்றும் எழுத வேண்டும். செய்ய முடியாததைக் கேட்டுவிட்டு மௌனமாக இருந்தால் அடுத்த முறை எவரும் குறியிட மாட்டார்கள். புதிய நேரத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அறிவித்து, ஸஃப்பை மறுபடி எண்ணிப் பார்த்த பின் நிலைப்படுத்துவது நல்லது. பங்குனி வெயிலில் பொருந்திய லுஹர் நேரம் கார்த்திகையில் பொருந்தாமல் போகலாம். அந்த மஹல்லாவில் உண்டியலைத் திறந்து எண்ணி முடிப்பதற்குள், எண்ணிக்கை எதுவாயினும் ஆகட்டும் என்று இளைஞர்கள் கொல்லரை அழைத்துப் படிக்குக் கம்பி அளவெடுத்துவிட்டார்கள்.